எதில் இருபது சதவீதம்? பின்னத்திலிருந்து தொடங்கும் தேர்வுக் கணக்கு

1/2 + 1/3 எவ்வளவு? குரூப் 4 தேர்வுக்கோ வங்கித் தேர்வுக்கோ கணக்கு கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். யோசிக்காமல் 2/5 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிடுகிறார்கள். சரி, 2/5 என்பது அரையைவிடப் பெரிதா, சிறிதா என்று அடுத்துக் கேட்பேன். ஐந்தில் பாதி இரண்டரை. இரண்டு அதைவிடக் குறைவு. அப்படியானால் அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு, கிடைத்தது அரையைவிடக் குறைந்துபோயிருக்கிறது. அது எப்படி முடியும்? அந்த இடத்தில்தான் ஆள் நிமிர்ந்து உட்காருவார்.

மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் பக்கம் தேர்வுக்குப் படிக்கும் பலர் பள்ளியை விட்டு ஐந்தாறு வருடம் ஆனவர்கள். வரலாறும் தமிழும் படித்தால் ஏறிவிடுகிறது. திறனறிவுப் பகுதி மட்டும் மிரட்டுகிறது. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 கேள்விகள் அந்தப் பகுதியிலிருந்து வருகின்றன. சுருக்குதல், விழுக்காடு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும் என்று பாடத்திட்டத்தில் இருப்பவற்றைப் பாருங்கள், பாதிக்கு மேல் பின்னம்தான் வேறு வேறு வேஷத்தில் வருகிறது. ஆனால் படிக்க உட்காருகிறவர் குறுக்குவழிச் சூத்திரங்களிலிருந்து தொடங்குகிறார். ஓட்டை ஆறாம் வகுப்பில் இருக்கிறது. அதை அடைக்காமல் மேலே எத்தனை சூத்திரம் ஊற்றினாலும் நிற்காது.

பின்னம் என்றால் ஒரு முழுப் பொருளில் ஒரு பங்கு. கீழே இருக்கும் எண், அதாவது பகுதி, முழுதை எத்தனை சமபங்காகப் போட்டோம் என்று சொல்கிறது. மேலே இருக்கும் தொகுதி, அதில் எத்தனை பங்கை எடுத்தோம் என்று சொல்கிறது. ஆகவே கீழே இருக்கும் எண் பங்கின் அளவைக் குறிக்கிறது. அளவு வேறு வேறாக இருக்கும் பங்குகளை அப்படியே எண்ணிக் கூட்டக் கூடாது. பின்னக் கூட்டலில் இருக்கும் விஷயம் அவ்வளவுதான்.

நம் பக்கத்து நில அளவில் வைத்துப் பார்க்கலாம். ஒரு வேலிக்கு 20 மா. அரை வேலியும், வேலியில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்தால் எவ்வளவு? அரை வேலி 10 மா, ஐந்தில் ஒன்று 4 மா, சேர்த்தால் 14 மா. வேலிக்கு 20 மா என்பதால் விடை 14/20, சுருக்கினால் 7/10. இதைக் கேட்டால் ஊரில் யாரும் 2/7 வேலி என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு நிலத்தையும் மாவாக மாற்றியதும் பங்குகளின் அளவு ஒன்றாகிவிட்டது, எண்ணிக் கூட்ட முடிந்தது. கால் வேலியும் ஐந்தில் ஒன்றும் என்றால் 5 மா, 4 மா, ஆக 9/20.

இப்போது வேலியில் மூன்றில் ஒரு பங்கு எத்தனை மா? முழு எண்ணாக வராது, ஏனென்றால் 20 மூன்றால் வகுபடாது. மாவுக்கு 100 குழி என்று உடைத்து 2000 குழியாகப் போட்டாலும் மூன்றால் வகுபடாது. ஆகவே 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்ட வேண்டுமென்றால், மூன்றாலும் நான்காலும் வகுபடும்படி வேறு பங்கு போட வேண்டும். 12 பங்காகப் போட்டால் மூன்றில் ஒன்று 4 பங்கு, நான்கில் ஒன்று 3 பங்கு, மொத்தம் 7/12. பள்ளியில் மீச்சிறு பொதுமடங்கு, மீ.சி.ம., என்று சொல்லி வரிசையாக வகுத்துக்கொண்டே போனோமே, அது இந்தப் பங்கு எண்ணைக் கண்டுபிடிப்பதற்காகத்தான். எதற்கென்று தெரியாமல் செய்ததால்தான் மறந்துபோனது.

இதோடு இன்னொரு பழக்கமும் வேண்டும். விடையைப் பார்ப்பதற்கு முன்னால், அது எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்லிவிட வேண்டும். 3/8, 2/5 இரண்டில் எது பெரிது? இரண்டுமே அரையைவிடக் குறைவு என்பது பார்த்ததும் தெரிகிறது. 40 பங்காகப் போட்டால் ஒன்று 15, இன்னொன்று 16. ஆக 2/5 பெரிது. பெருக்கலிலும் அப்படித்தான். 60-ஐ 3/4-ஆல் பெருக்கினால் குறைய வேண்டும், 3/4-ஆல் வகுத்தால் கூட வேண்டும். 'வகுத்தால் எப்படி சார் கூடும்?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது: 60 கிலோ நெல்லை முக்கால் முக்கால் கிலோவாகப் பை போட்டால் எத்தனை பை? ஒரு கிலோ பையாகப் போட்டாலே 60 பை. பை சின்னதானால் எண்ணிக்கை கூடத்தானே வேண்டும்? 80 பை.

இங்கிருந்து சதவீதத்துக்கு ஒரே அடி. முழுதை 100 பங்காகப் போட்டால் அது சதவீதம். கேள்வித்தாளில் விழுக்காடு என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான். வேலியை 20 மாவுக்குப் பதில் 100 பங்காகப் போட்டால் ஒரு மாவுக்கு 5 பங்கு வரும். ஆகவே 1/20 என்பது 5%, 7/20 என்பது 35%.

சில பின்னங்களுக்குச் சதவீதம் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். அதை மனப்பாடம் செய்வதைவிட ஒன்றிலிருந்து ஒன்றை எடுப்பது நல்லது. அரை 50. அதில் பாதி கால், 25. அதில் பாதி அரைக்கால், 12.5. அதிலும் பாதி 1/16, 6.25. இன்னொரு பக்கம் 1/3 என்பது முப்பத்து மூன்றே மூன்றில் ஒன்று. அதில் பாதி 1/6, பதினாறே மூன்றில் இரண்டு. 1/5 என்பது 20, அதில் பாதி 1/10. இப்படி எடுத்துப் பழகியவருக்கு 640-இல் 37.5% கேட்டால் பெருக்கல் தேவைப்படாது. 37.5 என்பது மூன்று 12.5, அதாவது 3/8. 640-ஐ எட்டால் வகுத்தால் 80, மூன்று மடங்கு 240. வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் 35 கணக்குக் கேள்விகளுக்கு 20 நிமிடம்தான், ஒரு கேள்விக்கு 34 விநாடி. அங்கே இந்தப் பழக்கம் பெரிய உதவி. குரூப் 4-இல் அவ்வளவு அவசரம் இல்லை, அங்கே தவறில்லாமல் போடுவதுதான் முக்கியம்.

இதுவரை சொன்னதைப் பெரும்பாலானோர் இரண்டு மூன்று வாரத்தில் பிடித்துவிடுகிறார்கள். உண்மையான சிக்கல் அடுத்த இடத்தில் இருக்கிறது. சதவீதம் என்று ஒரு எண்ணைப் பார்த்ததும் 'எதில்?' என்று கேட்க வேண்டும். 20% என்பது தனியாக ஒரு அளவே இல்லை. எதில் 20% என்று தெரிந்தால்தான் அது ஒரு அளவு.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடையில் 800 ரூபாய்ச் சேலைக்கு 25% விலையைக் கூட்டி, பிறகு 20% தள்ளுபடி என்று பலகை வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 800-இல் கால் பங்கு 200, விலை 1000 ஆகிறது. தள்ளுபடி 1000-இல் ஐந்தில் ஒன்று, அதுவும் 200. விலை மறுபடியும் 800. கூட்டியது 25%, குறைத்தது 20%, ஆனால் இரண்டும் அதே 200 ரூபாய்தான். முதல் சதவீதம் 800 மேல், இரண்டாவது 1000 மேல். அடி எண் மாறிவிட்டது.

இதைப் பின்னமாக எழுதினால் கண்ணுக்கே தெரியும். 25% கூடினால் 5/4-ஆல் பெருக்குகிறோம். பழைய இடத்துக்குத் திரும்ப 4/5-ஆல் பெருக்க வேண்டும், 4/5 என்பது 20% குறைவு. அதேபோல 20% கூட்டி 20% குறைத்தால் 6/5 × 4/5 = 24/25. இருபத்தைந்தில் ஒன்று போய்விட்டது, ஆக 4% நட்டம். இதற்கென்று x + y + xy/100 என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறது. சரியான சூத்திரம்தான். ஆனால் குறைவுக்குக் கழித்தல் குறி போட மறந்தால் 44% லாபம் என்று வந்து நிற்கும், தப்பு எங்கே என்றும் தெரியாது. இரண்டு பின்னத்தைப் பெருக்குகிறவருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆகவே நான் சூத்திரத்தைக் கடைசியில்தான் சொல்லித்தருவேன்.

அடி எண் மாறுவதை நன்றாக உணர வேண்டுமென்றால் நெல்லைவிட நல்ல கணக்கு நம் பக்கத்தில் கிடையாது. நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17% வரை இருக்கலாம் என்பது வழக்கமான விதி. மழைக் காலத்தில் அறுத்த நெல் 22% காட்டுகிறது. 1000 கிலோ நெல். களத்தில் காயவைத்து 17%க்குக் கொண்டுவந்தால் எடை எவ்வளவு இருக்கும்?

வகுப்பில் இதைக் கேட்டபோது, வீட்டில் விவசாயம் செய்யும் ஒரு பெண் உடனே சொன்னார்: "அஞ்சு பர்சன்ட்தானே சார் குறையுது? அம்பது கிலோ போகும், தொள்ளாயிரத்து அம்பது இருக்கும்." கிட்டத்தட்ட எல்லோரும் தலையாட்டினார்கள்.

சரி, அதையே உண்மை என்று வைத்துச் சரிபார்த்தோம். 1000 கிலோவில் 22% நீர் என்றால் 220 கிலோ நீர், மீதி 780 கிலோ காய்ந்த பொருள். காயும்போது போவது நீர் மட்டும்தான். 50 கிலோ போனால் நீர் 170 கிலோ, மொத்தம் 950 கிலோ. இப்போது ஈரப்பதம் என்ன? 170-ஐ 950-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17.9%. ஈரமானி 17 காட்டாது, பதினெட்டுக்குப் பக்கத்தில் காட்டும். நெல்லைத் திரும்பக் களத்துக்கு எடுத்துப் போக வேண்டியதுதான்.

எங்கே பிசகியது? 22% என்பது 1000 கிலோவில். 17% என்பது காய்ந்த பிறகு இருக்கும் எடையில். அது 1000 இல்லை, அதைவிடக் குறைவு, நமக்கு இன்னும் தெரியவே தெரியாத எண். இரண்டு வேறு அடி எண் மேல் நிற்கும் சதவீதங்களைக் கழித்ததால்தான் 5% வந்தது.

இப்படிப்பட்ட கணக்கில் மாறாத பொருள் எது என்று முதலில் தேட வேண்டும். இங்கே மாறாதது 780 கிலோ காய்ந்த பொருள். முன்னால் அது 78 பங்கு. பின்னால், நீர் 17% என்பதால், அதே 780 கிலோ புது எடையில் 83 பங்கு. 83 பங்குக்கு 780 கிலோ என்றால் ஒரு பங்குக்கு 780/83, 100 பங்குக்கு 78000/83. வகுத்தால் 939.76, அதாவது ஏறக்குறைய 940 கிலோ. போனது 60 கிலோ, 50 இல்லை. சரிபார்ப்போம்: நீர் 220-இலிருந்து 160 ஆகிவிட்டது, 160-ஐ 940-ஆல் வகுத்தால் 17-க்கு மிக அருகில் வருகிறது. கொள்முதலில் 40 கிலோ மூட்டையாகப் பிடிப்பார்கள். 1000 கிலோவுக்கு 25 மூட்டை என்று எண்ணியிருந்தவருக்கு இருபத்து மூன்றரை மூட்டைதான் வரும்.

தேர்வில் இதே கணக்கு பழத்தில் வரும். புதிய பழத்தில் 80% நீர், உலர்ந்த பழத்தில் 20% நீர், 100 கிலோ புதிய பழத்திலிருந்து எத்தனை கிலோ உலர்பழம்? 40 கிலோ என்று போடத் தோன்றும், விடைப் பட்டியலிலும் 40 ஒரு தேர்வாக இருக்கக்கூடும். மாறாததைத் தேடுங்கள். காய்ந்த பொருள் 20 கிலோ. உலர்ந்த பிறகு அது 80 பங்கு. 80 பங்குக்கு 20 என்றால் 100 பங்குக்கு 25 கிலோ.

மேலே செய்ததில் ஒரு படி திரும்பத் திரும்ப வந்தது: சில பங்குக்கு இவ்வளவு, 100 பங்குக்கு எவ்வளவு? முழுதைத் தேடும் கணக்கு இது. தேர்வில் மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடமும் இதுதான். 'ஒரு எண்ணின் 35% 84 எனில் அந்த எண் என்ன?' என்றால் பலர் 84-இல் 35% எடுத்து 29.4 என்று எழுதுகிறார்கள். 84 என்பது பங்கு, அதுவே முழுது இல்லை. முழுது 84-ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் 29.4-ஐ எழுதக் கை வராது. 35 பங்குக்கு 84, 5 பங்குக்கு 12, 100 பங்குக்கு 240. ஆலைக் கணக்கிலும் இதே வழிதான். அரசுக்கு நெல் அரைத்துக் கொடுக்கும் ஆலைகளுக்குப் புழுங்கலரிசி 68% வர வேண்டும் என்பது நிர்ணயம். 340 கிலோ அரிசி வேண்டுமென்றால் எவ்வளவு நெல்? 68 பங்குக்கு 340, ஒரு பங்குக்கு 5, ஆக 500 கிலோ.

எந்த வரிசையில் படிப்பது என்று கேட்பவர்களுக்கு: பள்ளிப் பாடநூலே போதும். ஆறாம் வகுப்பில் பின்னங்கள், ஏழாம் வகுப்பில் சதவீதம், எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம். ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுக்கச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கிவிட்டுப் பாதியில் நிற்கிறார்கள். பின்னப் பயிற்சியில் ஒரு கணக்கையும் விட வேண்டாம். சதவீதத்துக்கு வரும்போது ஒவ்வொரு கணக்குக்கும் விடைக்கு முன்னால் ஒரு வரி எழுதுங்கள்: 'இந்தச் சதவீதம் இன்னதில்.' லாபம், நட்டம் என்றால் வாங்கிய விலையில். தள்ளுபடி என்றால் குறித்த விலையில். தனிவட்டி என்றால் அசலில். கூட்டுவட்டி என்றால் ஒவ்வொரு ஆண்டும் மாறும் தொகையில். இந்த ஒரு வரியை எழுதுகிறவருக்கு எட்டாம் வகுப்புப் பாடத்தில் புதிதாகக் கற்க அதிகம் இருக்காது.

தவறுகளைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள், பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். பின்னத்தைச் சுருக்குவதில் பிசகா, அடி எண்ணைத் தவறாக எடுத்ததா, அல்லது கேள்வியில் 'எவ்வளவு குறைந்தது' என்று கேட்டதற்கு 'எவ்வளவு இருக்கிறது' என்று எழுதியதா? முதல் வகை இன்னும் வந்துகொண்டிருந்தால் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை மூட நேரம் வரவில்லை. அது நின்று, அடி எண் தவறு எப்போதாவதுதான் வருகிறது என்றால் பழைய வினாத்தாளை எடுக்கலாம். அதற்கு முன்னால் மாதிரித் தேர்வு எழுதுவதை நான் ஊக்குவிப்பதில்லை. மதிப்பெண் குறைவு என்று மட்டும் தெரியும், எதனால் என்று தெரியாது.

வினாத்தாளுக்குப் போகலாமா என்று பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். அறுத்தபோது 25% ஈரமாக இருந்த நெல்லைக் காயவைத்து 17%க்குக் கொண்டுவந்தபோது எடை 750 கிலோ. அறுத்தபோது எவ்வளவு இருந்தது? இங்கே நாம் பின்னோக்கிப் போகிறோம், முழுதும் தெரியாது, அடி எண்ணும் மாறுகிறது. கீழே படிக்காமல் போட்டுப் பாருங்கள்.

750-இல் 83% காய்ந்த பொருள், 622.5 கிலோ. அறுத்தபோது அதே 622.5 கிலோ 75 பங்காக இருந்தது, அதாவது முக்கால். முக்கால் பங்கு 622.5 என்றால் கால் பங்கு 207.5, முழுது 830 கிலோ. சரிபார்க்க: நீர் 207.5 கிலோவிலிருந்து 127.5 ஆகியிருக்கிறது, போனது 80. 830-இல் 80-ஐக் கழித்தால் 750. உங்களுக்கு 810 வந்திருந்தால், 25-இலிருந்து 17-ஐக் கழித்து அந்த 8 சதவீதத்தை 750-இல் எடுத்துக் கூட்டியிருக்கிறீர்கள்.